கவுன்ட்டர் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கேள்வி: நான் எழுதிய சிறுகதையில், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் மகள் பாஸ்போர்ட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போகிறாள். விமானம் ஏறும் வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரிகிறது. அப்பா அதை எடுத்துக்கொண்டு காரில் விரைகிறார். மழை, டயர் பஞ்சர், நெரிசல் எல்லாவற்றையும் தாண்டி, கதவு மூடும் நொடியில் அவள் கையில் கொடுக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். மொத்தம் 1,900 சொற்கள். இரண்டு இதழ்கள் "நம்பும்படி இல்லை, பரபரப்பும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டன. இத்தனை தடைகள் வைத்தும் ஏன் பரபரப்பு வரவில்லை? கதையை இணைத்திருக்கிறேன்.

பதில்: கதையை இரண்டு முறை படித்தேன். இதழ்கள் சொன்ன இரண்டு குறைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. விமான நிலையத்தில் எந்த இடத்தில் எது நடக்கும், எது எத்தனை மணிக்கு முடியும் என்ற கணக்கு கதைக்குள் இல்லை. கணக்கு இல்லாததால் தடைகளுக்கு எடையும் இல்லை. அதைச் சரிசெய்தால் மொழியில் நீங்கள் மாற்ற வேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

பாஸ்போர்ட் இல்லாமல் ஒருவர் வெளிநாட்டு விமானம் ஏறும் வாசல் வரை போக முடியாது. செக்-இன் கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்த பிறகுதான் பெட்டியை எடை போட்டு உள்ளே அனுப்புவார்கள். அடுத்து குடியேற்றப் பிரிவு, பாதுகாப்புச் சோதனை. இவையெல்லாம் முடிந்த பிறகுதான் ஏறும் வாசல். வீட்டிலேயே இணையத்தில் செக்-இன் செய்து கைப்பையோடு வந்தவர்கூடக் குடியேற்ற அதிகாரியைப் பாஸ்போர்ட் காட்டாமல் கடக்க முடியாது. ஆகவே உங்கள் மகள் பாத்திரம் மூன்று சோதனைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலே தாண்டி வந்திருக்கிறாள். டிக்கெட் இல்லாத அப்பாவும் அதே மூன்றையும் தாண்டி ஓடி வந்திருக்கிறார். ஒரு முறையாவது விமானம் ஏறியவர் இந்த இடத்தில் கதையை மூடிவிடுவார்.

மறந்தது தெரியவரும் இடத்தைச் செக்-இன் கவுன்ட்டருக்கு மாற்றுங்கள். அப்பாவும் மகளும் சந்திக்கும் இடம் புறப்பாட்டுக் கூடத்தின் நுழைவாயிலாக இருக்கட்டும். சில விமான நிலையங்களில் வழியனுப்ப வருபவர்களும் கூடத்துக்குள் போகலாம். சிலவற்றில் டிக்கெட்டும் அடையாள ஆவணமும் இருந்தால்தான் வாயிலிலேயே விடுவார்கள். உங்கள் கதைக்கு இரண்டாவது வகைதான் நல்லது. அப்பாவும் மகளும் ஒரு காவலருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள் என்றால், நீங்கள் மூன்று பத்தி செலவழித்து எழுதிய பிரிவு அந்த ஒரே காட்சியில் வந்துவிடும்.

கெடுவும் இதனால் மாறுகிறது. உங்கள் கதையில் எல்லாரும் விமானம் புறப்படும் நேரத்தை நினைத்துப் பதறுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தால் அப்பாவுக்குப் பயன் இல்லை. வெளிநாட்டு விமானங்களுக்குக் கவுன்ட்டரைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். நிறுவனத்தையும் விமான நிலையத்தையும் பொறுத்து இது சற்று முன்பின் ஆகும். விமானம் இன்னும் தரையில்தான் நிற்கும், கண்ணாடிக்கு அப்பால் அதன் வால்கூடத் தெரியும், ஆனாலும் கவுன்ட்டர் மூடிய பிறகு ஏற முடியாது. அப்பாவுக்கு இது தெரியாமல் இருப்பதும், மகள் போனில் சொல்லி அவர் அதைத் தெரிந்துகொள்வதும் கதையின் முதல் அதிர்ச்சியாக அமையும். "பதினொன்னு நாப்பதுக்குத்தானே ப்ளைட்டு, நேரம் இருக்கு" என்று அவர் சொல்ல, "இல்லப்பா, பத்து நாப்பதுக்குக் கவுன்ட்டர மூடிருவாங்க" என்று அவள் சொன்னால் போதும். ஒரே வரியில் ஒரு மணி நேரம் பறிபோகிறது.

அடுத்து ஆவணம். மறந்த பொருள் பாஸ்போர்ட்டே என்று வைத்தால் படிப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழும். வெளிநாடு போகிறவள் வீட்டை விட்டு இறங்கும்போது பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்க்காமலா இருப்பாள்? சேர்க்கைக் கடிதம், வங்கிச் சான்று என்று மாற்றினால் வேறு கேள்வி எழும். படம் எடுத்துப் போனில் அனுப்பினால் ஆயிற்றே, ஏன் கார் எடுக்க வேண்டும்? இந்தக் காலத்துக் கதையில் ஆவணத்துக்கு இரண்டு குணம் இருந்தாக வேண்டும்: மறப்பதற்கு நியாயம் இருக்க வேண்டும், படமாக அனுப்பினால் செல்லாததாகவும் இருக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்த ஒன்று உண்டு. விசா ஒட்டப்பட்ட பழைய பாஸ்போர்ட். பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதியது வாங்கும்போது பழையதன் அட்டை மூலையை வெட்டி, ரத்து செய்ததாகக் குறித்துத் திருப்பித் தருவது பல நாடுகளில் வழக்கம். ஆனால் அதற்குள் ஒட்டியிருக்கும் விசாவுக்குக் காலம் மிச்சம் இருந்தால், சில நாடுகள் அந்த விசாவைத் தொடர்ந்து ஏற்றுக்கொள்கின்றன. அப்போது புதியதையும் பழையதையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். மகள் முன்பிருந்தே அந்த நாட்டில் படிப்பவள், விடுமுறைக்கு வந்துவிட்டு இப்போது அடுத்த ஆண்டுப் படிப்புக்குத் திரும்புகிறாள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் இது பொருந்திவிடும். விசா முழுக்க மின்னணு முறையில் இருக்கும் நாட்டுக்கு அவளை அனுப்பாதீர்கள். அங்கே இந்தக் கதை நடக்காது.

படம் ஏன் செல்லாது என்பதைக் கவுன்ட்டர் ஊழியரின் வாயிலிருந்து ஒரே வாக்கியத்தில் வரவையுங்கள். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிப்போனால் போய்ச் சேரும் நாடு விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கலாம், அவரைத் திருப்பி அழைத்து வரும் பொறுப்பும் நிறுவனத்தின் மேல்தான் விழும். அதனால்தான் எந்த நாட்டுக்கு எந்த ஆவணம் வேண்டும் என்பதை ஊழியர்கள் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் சரிபார்க்கிறார்கள். உங்கள் கதையில் அந்த ஊழியரை இரக்கமற்றவராக எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. "ஒரிஜினல் இல்லாம ஏத்த முடியாதும்மா. கொண்டுவந்துட்டா வரிசையில நிக்க வேண்டாம், நேரா என்கிட்ட வா" என்று அவர் பரிவோடு சொல்லட்டும். நல்லவர் ஒருவரே தடையாக நிற்கும்போது கதையில் திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போகிறது. பழி எங்கே போகும் என்று கதை தேடத் தொடங்கும்.

அந்தப் பழியை அப்பாவிடம் கொண்டுபோங்கள். உங்கள் கதையில் எனக்கு மிக வருத்தம் தந்த இடம் இதுதான். அப்பா தவறே செய்யாத வீரராக இருக்கிறார், மகளோ கவனமில்லாத பெண்ணாக இருக்கிறாள். அதனால் அவர் ஓட்டம் வெறும் உதவியாக நின்றுவிடுகிறது. இப்படி யோசித்துப் பாருங்கள். முந்தின இரவு எல்லா ஆவணங்களுக்கும் நகல் எடுத்து வைத்தவர் அப்பா. கடைசியாகப் பழைய பாஸ்போர்ட்டை ஸ்கேனர் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து நகல் எடுத்தார். மூலை வெட்டிய பழைய புத்தகம்தானே, இனி எதற்கு ஆகும் என்ற நினைப்பில் மூடியைத் திறந்து அதை எடுக்காமல் விட்டுவிட்டார். மகளோ அப்பா கொடுத்த உறையில் எல்லாம் இருக்கும் என்று நம்பி எடுத்துப் போனாள். போனில் அவள் "நான்தான்ப்பா மறந்துட்டேன், சாரிப்பா" என்று அழுகிறாள். அவர் அலமாரி, மேசை, அவள் படுக்கை என்று தேடிக் கடைசியில் ஸ்கேனர் மூடியைத் தூக்குகிறார். அந்த நொடியில் வாசகருக்கும் அவருக்கும் மட்டும் ஒரு விஷயம் தெரிந்துவிடுகிறது. இனி கார் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் அதை அவளிடம் சொல்வாரா என்ற கேள்வியும் கூடவே ஓடும். உங்களுக்கு இதுவரை இல்லாத பரபரப்பு அங்கிருந்துதான் வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் நேரங்களைப் பின்னோக்கி எழுதுங்கள். புறப்பாடு இரவு 11:40. கவுன்ட்டர் மூடுவது 10:40. வாயிலில் வாங்கியதும் மகள் கூடத்தைக் கடந்து கவுன்ட்டருக்குத் திரும்ப 5 நிமிடம் என்றால், கைமாற வேண்டிய நேரம் 10:35. மகள் போன் செய்வது 9:14. தேடிக் கண்டுபிடித்துக் காரை எடுக்க 16 நிமிடம் போகிறது, அப்போது 9:30. வழக்கமான ஓட்டம் 45 நிமிடம் என்றால் 10:15க்குப் போய்ச் சேரலாம். அப்பாவிடம் மிச்சம் இருப்பது 20 நிமிடம். கதை முழுவதற்கும் கையிருப்பு அவ்வளவுதான்.

உங்கள் தடைகளை இந்தக் கையிருப்பில் கழித்துப் பாருங்கள். இரவில், மழையில், தனியாக, அறுபது வயதுக்காரர் டயர் மாற்றக் குறைந்தது 20 நிமிடம் ஆகும். நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டி, இறக்கி, மீண்டும் முடுக்கும் வேலை அது. நீங்கள் அதை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். நெரிசலுக்கு 15, மழையில் மெல்ல ஓட்டியதற்கு 10 என்று வைத்தால் மொத்தம் 45 நிமிடம். அவர் வந்து சேருவது 11:00, கவுன்ட்டர் மூடி இருபது நிமிடம் ஆகியிருக்கும். வாசகர் தாளில் கூட்டிப் பார்க்க மாட்டார். ஆனால் மனத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது தடை வரும்போது, "இத்தனை வந்தும் எப்படியும் சேர்ந்துவிடுவார், ஆசிரியர் சேர்த்துவைப்பார்" என்று அவர் முடிவு செய்துவிடுவார். தடைகள் கூடக்கூடப் பரபரப்பு குறைந்தது இதனால்தான்.

மழையும் பஞ்சரும் யார் காரிலும் நடக்கும் என்பது இன்னொரு குறை. ஒரே ஒரு தடை போதும், ஆனால் அது இந்த அப்பாவுக்கு மட்டுமே வரக்கூடியதாக இருக்கட்டும். ஒரு யோசனை தருகிறேன். விமான நிலையத்தை நெருங்கியதும் சாலை இரண்டாகப் பிரியும், ஒன்று வருகைக்கு, மற்றது பாலத்தின் மேல் ஏறிப் புறப்பாட்டுக்கு. மகள் ஒவ்வொரு விடுமுறைக்கும் வரும்போது கூட்டிவரப் போய்ப் போய் அவர் கைக்குப் பழகியது வருகைப் பாதைதான். இன்றும் கை தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. அது ஒருவழிப் பாதை, நிறுத்தவோ பின்னால் எடுக்கவோ முடியாது. முழு வளையத்தையும் சுற்றி மறுபடி பிரிவுக்கு வர 12 நிமிடம். இப்போது மணி 10:27. பாலத்தின் மேல் கார்கள் நகராமல் நிற்கின்றன. அவர் காரை அங்கேயே ஓரம் கட்டி, சாவியை எடுத்துக்கொண்டு, நானூறு மீட்டர் ஏற்றத்தில் ஓடுகிறார். அந்த வயதில் அதற்கு ஐந்து நிமிடம். 10:32க்கு வாயிலுக்கு வருகிறார். மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறது. கணக்கு எங்கும் பொய் சொல்லவில்லை. மகளை வரவேற்கப் போன பாதையே அவளை அனுப்பும் நாளில் குறுக்கே வந்து நிற்கிறது. அதை நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டாம், பெயர்ப்பலகையில் உள்ள ஒரு சொல்லைக் காட்டினால் போதும்.

ஆளில்லாமல் விட்ட காரை அங்கே இழுத்துப்போய்விடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதை அவர் யோசிக்க அரை வாக்கியம் கொடுங்கள்.

பார்வை அப்பாவிடமே இருக்கட்டும். நீங்கள் ஒரு பத்தி காருக்குள்ளும் ஒரு பத்தி விமான நிலையத்திலும் மாறி மாறி எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்ன நடக்கிறது என்று வாசகர் நேரில் பார்த்துவிட்டால் அப்பாவை விட அவருக்கு அதிகம் தெரிந்துவிடும், தவிப்பு கலைந்துவிடும். அவள் பக்கத்துச் செய்தியெல்லாம் போன் வழியாக மட்டும் வரட்டும். அதற்காகச் சார்ஜ் தீர்ந்தது, சிக்னல் போனது என்று போனை அணைத்துவிடாதீர்கள், அது பழகிப்போன தந்திரம். போன் நன்றாக வேலை செய்யட்டும். நான்கு அழைப்புகள் வையுங்கள், ஒவ்வொன்றும் முந்தையதை விடச் சிறியதாக இருக்கட்டும். முதலில் அவள் எல்லாவற்றையும் விவரித்துச் சொல்கிறாள். இரண்டாவதில் "இன்னும் பன்னெண்டு பேர் நிக்கிறாங்கப்பா" என்கிறாள். மூன்றாவதில் "மூணு பேர்தான் இருக்காங்க". நான்காவதில் அவள் பேசவே இல்லை, பின்னால் கடைசி அறிவிப்பு மட்டும் கேட்கிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கைதான் அப்பாவின் கடிகாரம். டாஷ்போர்டில் மணியைக் காட்டும் எட்டு வரிகளையும் எடுத்துவிடலாம்.

வேகம் வருவதற்காகச் சாலைப் பகுதி முழுவதையும் துண்டுத் துண்டு வாக்கியங்களாக எழுதியிருக்கிறீர்கள். "கார் பாய்ந்தது. ஹார்ன் அடித்தார். வளைவு. சிவப்பு விளக்கு. மீண்டும் பாய்ந்தது." தமிழில் முற்றுப்புள்ளி வைத்த இடமெல்லாம் வாசிப்பு நின்றுவிடும். ஓட்டத்தை எழுத நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வருவதால் அதுவரை வாசகர் மூச்சை விட முடியாது. "சாவியை உருவி, கதவை அறைந்து சாத்தி, ஹார்ன் அடிக்கும் காரைத் திரும்பிப் பார்க்காமல், சட்டைப் பைக்குள் புத்தகம் இருக்கிறதா என்று இடது கையால் அழுத்திக்கொண்டே, கைப்பிடிச் சுவரை ஒட்டி ஓடத் தொடங்கியவர் பாதி ஏற்றத்தில் நின்றார்." ஓடும் வரை ஒரே வாக்கியம். நின்ற பிறகு குட்டை வாக்கியங்கள் வரட்டும்: "நெஞ்சு அடைத்தது. செருப்பு ஒன்று இல்லை." ஓட்டத்துக்கு நெடியது, தடைக்குக் குறியது என்று மாற்றிப்போட்டால் வேகம் தானாக வரும்.

முதல் 600 சொற்களில் அவள் பிறந்தது, நடை பழகியது, பள்ளியில் முதலிடம் வாங்கியது எல்லாம் இருக்கின்றன. மன்னியுங்கள், அவ்வளவும் போக வேண்டும். கதை போன் மணியில் தொடங்கட்டும். அழைப்பும் தேடலும் சேர்ந்து ஏறத்தாழ 500 சொற்கள், சாலைக்கு 800, ஏற்றமும் வாயிலும் 400 என்று வைத்துக்கொண்டால் கதை 1,700 சொற்களில் முடிந்துவிடும். பழைய நாள்களில் ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் அவளுடைய படம்தான் அது. பள்ளி நாள்களில் எடுத்தது, இரட்டைச் சடையோ பல்லில் கம்பியோ உங்கள் விருப்பம். ஆனால் சிறுவர்களுக்குப் பாஸ்போர்ட்டின் ஆயுள் குறைவு, பல நாடுகளில் 5 ஆண்டுதான். ஆகவே படத்தில் இருப்பவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விசா இருக்கும் புத்தகத்துக்கும் அவள் வயதுக்கும் பொருந்தாது. ஸ்கேனர் கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது அவர் அந்தப் பக்கத்தை ஒரு முறை பார்க்கட்டும். அதற்கு மேல் வேண்டாம்.

விமானத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். இப்போதைய வடிவில் "அவள் எதிர்காலமே போய்விடும்" என்று இருக்கிறது, அது காதில் விழுவதில்லை. ஒரே டிக்கெட்டில் இணைப்பு விமானமும் இருந்து, முதல் விமானத்தில் ஏறாமல் போனால் மீதிப் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும். "இத விட்டா அடுத்த ப்ளைட்டும் கேன்சல் ஆயிடும்ப்பா" என்று அவள் சொல்வது எதிர்காலத்தைப் பற்றிய எந்த வாக்கியத்தையும் விடக் கனமாக விழும்.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அவளுக்குக் கிடைத்திருப்பது மூன்று நிமிடம். கட்டிப்பிடித்து அழ அதில் இடம் இல்லை. இடையில் காவலர் நிற்கிறார், அவள் வெளியே வந்தால் மறுபடி டிக்கெட்டைக் காட்டி உள்ளே போக வேண்டும். அதனால் கம்பிக்கு மேலே கை நீட்டித்தான் வாங்குகிறாள். இருவரும் நான்கைந்து சொற்கள்தான் பேச முடியும்.

"சாரிப்பா, நான்தான்..."

"ஓடு, ஓடு."

அவர் உண்மையைச் சொல்ல நினைத்திருந்தார், நேரம் விடவில்லை. வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா, நேரம்தான் விடவில்லையா என்பதை முடிவு செய்யாதீர்கள். அவள் திரும்பி ஓடுகிறாள். அவர் நின்று பார்க்கிறார். கண்ணாடிக்கு அப்பால் கடைசிக் கவுன்ட்டரில் அந்த ஊழியர் கையை உயர்த்தி அவளை அழைப்பது தெரிகிறது. பிறகு அப்பா பாலத்தில் இறங்கிக் காரை விட்ட இடத்துக்கு வருகிறார். கார் அங்கே இல்லை. போன் அடிக்கிறது, அவள்தான். "போர்டிங் பாஸ் வாங்கிட்டேன்ப்பா. எங்கப்பா இருந்துச்சு அது?"

கதையை அந்தக் கேள்வியில் நிறுத்துங்கள். அதன் பிறகு இப்போது இருக்கும் நான்கு பத்திகளையும், விமானம் மேகத்துக்குள் மறையும் வரியையும் எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள்.